பிளாஸ்க்கா, மெஷினா, சொந்த அடுப்பா: 12 பேர் அலுவலகத்துக்கு மாதம் ₹10,000-இல் டீ, காபி, நொறுக்குத்தீனி

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் 12 பேர். கணக்கு வழக்கு, வாடகை, கரண்ட் பில், தண்ணீர் கேன் எல்லாம் பார்ப்பது நான். டீ, காபி, சாயங்காலத் தீனி எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ₹10,000 என்று முதலாளி ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டார். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் மூன்று வழிகளையும் நாங்கள் முயன்று பார்த்திருக்கிறோம். தெருமுனைக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் வாங்கினோம், அப்புறம் வெண்டிங் மெஷின் வைத்தோம், இப்போது சொந்தமாகப் போடுகிறோம். எங்களைப் போலச் சின்ன அலுவலகம் நடத்தும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எது மலிவு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் தவறான முடிவெடுத்துவிடுவார்கள். அதனால் முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன். விலைகள் நாங்கள் கொடுத்த விலைகள். உங்கள் தெருவில் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

## ஆளை எண்ணாதீர்கள், டம்ளரை எண்ணுங்கள்

12 பேர், ஆளுக்கு இரண்டு வேளை, 24 டம்ளர் என்று மனக்கணக்குப் போடுவது எளிது. நான் முதலில் அப்படித்தான் போட்டேன். மொத்தம் ஏறக்குறையச் சரியாகவே வந்தது, ஆனால் உள்ளே இருந்த விவரம் முழுக்கத் தப்பு.

ஒரு வாரம் மேஜைமேல் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தேன். யார் எதைக் குடித்தாலும் ஒரு கோடு போட வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால், பேருக்கு 12 பேர் இருந்தாலும் ஒரு நாளில் சராசரியாக வந்தது 10 பேர். அவர்கள் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் குடித்தது 20. வந்து போகும் விருந்தாளிகளுக்கும் இரண்டாம் முறை கேட்பவர்களுக்கும் சேர்த்து இன்னும் 4. அந்த 24-இல் 15 டீ, 9 காபி. இரண்டு பேருக்குச் சர்க்கரை கூடாது. செவ்வாய், புதன் கூட்டம் அதிகம், வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை.

இந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், டீக்கும் காபிக்கும் விலை வேறு. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தேவையும் வேறு. ஒரே அளவு பால் தினமும் வாங்கும் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் அரை லிட்டரைத் தொட்டியில் ஊற்றும். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் எங்களுக்கு 528 டம்ளர். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த 528-க்குத்தான். ஒரு டம்ளர் என்றால் 100 மில்லி.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, மாதம் முழுவதற்கும் ஆகும் செலவு. தூள், பால் மட்டுமல்ல. கூலி, தண்ணீர், கரண்ட், கழுவும் சோப்பு எல்லாம் சேர வேண்டும். இதில் பலரும் மறப்பது ஜிஎஸ்டி. அலுவலகத்துக்கு வாங்கும் மற்ற பல பொருள்களுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஊழியர்களுக்காக வாங்கும் உணவுக்கும் பானத்துக்கும் பொதுவாக அப்படி எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. ஆகவே விலைப்பட்டியலில் 'வரி தனி' என்று போட்டிருந்தால் வரியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் பாக்கெட் மிக்சருக்கும் வெண்டிங் மெஷினில் போடும் பிரிமிக்ஸ் தூளுக்கும் வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைக்கே பில் போடும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, யாருடைய கை வேலை செய்யும் என்பது. மூன்றாவது, நாலு பேர் மட்டும் வரும் நாளில் எவ்வளவு வீணாகும் என்பது. நான்காவது, ருசி. இதைக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். ருசி பிடிக்காவிட்டால் ஆட்கள் கீழே இறங்கிக் கடைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நீங்கள் செய்த செலவும் போச்சு, அவர்களுடைய இருபது நிமிடமும் போச்சு.

டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது மூன்று வழிக்கும் பொது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப் மட்டுமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கி பட்ஜெட்டில் எழுதாதீர்கள். எவர்சில்வர் டம்ளர் 15 வாங்கினால் பல வருஷம் வரும். கழுவ ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அதன் உண்மையான விலை.

## முதல் வழி: கடையிலிருந்து பிளாஸ்க்

எங்கள் தெருவில் டீ ₹15, காபி ₹20. அப்படியே வாங்கினால் ஒரு நாளைக்கு டீக்கு ₹225, காபிக்கு ₹180. 22 நாளுக்கு ₹8,910. பத்தாயிரத்தில் மீதி ஆயிரம்தான், அதில் தீனிக்கு ஒன்றும் தேறாது.

ஆனால் தினமும் இரண்டு வேளை, மாதக் கணக்கு என்று பேசினால் கடைக்காரர் குறைப்பார். எங்களுக்கு டீ ₹12, காபி ₹16 என்று ஒத்துக்கொண்டார். அப்போது ஒரு நாளைக்கு ₹324, மாதம் ₹7,128. பேசும்போது 'பிளாஸ்க்குக்கு இவ்வளவு' என்று பேசாமல் மில்லி கணக்கில் பேசுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்க்கில் 100 மில்லி டம்ளர் பத்துதான் வரும். 'பன்னிரண்டு டீ' என்று கடையில் சொல்வது 80 மில்லி அளவில். எங்கள் டம்ளரில் ஊற்றியபோது இரண்டு பேருக்கு இல்லாமல் போய்த்தான் எனக்கு இது புரிந்தது.

இந்த வழியின் பெரிய பலம், வராத ஆளுக்குச் செலவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அலுவலகம் மூடிக்கிடந்த நாள்களில் எங்களுக்கு டீச் செலவு பூஜ்யம். பாத்திரம், அடுப்பு, பிரிட்ஜ் எதுவும் தேவையில்லை.

பலவீனம் மூன்று. சர்க்கரை போட்டேதான் வரும், சர்க்கரை கூடாதவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன பிளாஸ்க் கேட்டு வாங்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடை ஆட்கள் ஊருக்குப் போனால் நாலைந்து நாள் கடையே இருக்காது. மூன்றாவது காபி. டீ பிளாஸ்க்கில் ஒரு மணி நேரம் தாங்கும். கலந்த காபி தாங்காது, மணம் முதலில் போகும், அப்புறம் ஆடை கட்டும். பாலும் டிகாக்ஷனும் தனித்தனி பிளாஸ்க்கில் தரச் சொன்னால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். எங்கள் கடைக்காரர் முதலில் தயங்கினார், பிளாஸ்க்கை நாங்களே கொடுத்ததும் சரி என்றார்.

பிளாஸ்க் பராமரிப்பைக் கடையை நம்பி விடாதீர்கள். சாயங்காலம் மூடி வைத்தால் காலையில் புளித்த பால் வாடை வரும். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, மூடாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால் கறையும் வாடையும் போகும். ஊற்றுவதற்கு முன் வெந்நீரை ஊற்றிக் கொட்டினால் சூடும் கூடுதலாக நிற்கும்.

யாருக்கு நல்லது: ஆறேழு பேர் இருக்கும் அலுவலகம், பெருக்கித் துடைக்க ஆள் ஒரு மணி நேரம் மட்டும் வரும் இடம், வருகை நாளுக்கு நாள் மாறும் இடம். கடை நூறடிக்குள் இருக்க வேண்டும். தூரமானால், போய் வரும் ஊழியரின் நேரம் எந்தப் பில்லிலும் எழுதப்படாத செலவு.

## இரண்டாவது வழி: வெண்டிங் மெஷின்

விலைப்பட்டியலைப் பார்த்தால் இதுதான் அடிமாட்டு விலை. ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 14 கிராம் பிரிமிக்ஸ், அதாவது கிலோவுக்கு 70 டம்ளர். டீ பிரிமிக்ஸ் கிலோ ₹340, காபி ₹420 என்று எங்களுக்கு வந்தது. டீக்கு ₹5, காபிக்கு ₹6. இதை முதலாளியிடம் காட்டினால் உடனே கையெழுத்துப் போடுவார்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் படிக்க வேண்டும். மெஷினுக்கு வாடகை இல்லை என்றால், மாதம் இத்தனை கிலோ தூள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று இருக்கும். எங்களுக்கு 10 கிலோ. 330 டீக்கும் 198 காபிக்கும் உண்மையில் தேவைப்பட்டது எட்டு கிலோவுக்கும் குறைவு. மாதம் இரண்டு கிலோ தேங்கியது. ஒரு மழை மாதத்தில் அலுவலகம் ஒரு வாரம் சரியாக ஓடவில்லை, ஆனால் 10 கிலோ வந்து இறங்கியது. வருஷக் கடைசியில் அலமாரியில் கட்டிதட்டிய பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. தேவைக்கு ஏற்ற குறைந்தபட்ச அளவை வழங்குநர் தர மறுத்தால், மாத வாடகை கட்டித் தூளைத் தேவைக்கு வாங்கும் ஏற்பாடே நல்லது. இரண்டையும் எழுதிக் கேட்டு ஒப்பிடுங்கள்.

எங்கள் மாதக் கணக்கு இப்படி வந்தது. ஆறு கிலோ டீ பிரிமிக்ஸ் ₹2,040, நாலு கிலோ காபி ₹1,680. கேன் தண்ணீர் நாலு, ₹160. நாள் முழுக்க தண்ணீரைச் சூடாகவே வைத்திருப்பதால் கரண்ட் ஏறக்குறைய ₹350. டம்ளர் கழுவவும் மெஷினைத் துடைக்கவும், அலுவலகத்தைப் பெருக்க வரும் அக்காவுக்குக் கூடுதலாக ₹800. மொத்தம் ₹5,030. இது போக ₹5,000 முன்பணம் வழங்குநரிடம் நின்றது.

இனி, சென்னைக்கே உரிய தொல்லை. பிரிமிக்ஸில் சர்க்கரையும் பால் பொடியும் இருப்பதால் ஈரத்தை இழுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் தூள் பெட்டிக்குள் இறுகி, நடுவில் குகை மாதிரி ஒரு வெற்றிடம் உண்டாகும். பெட்டி நிறைந்திருப்பதுபோலத் தெரியும், தூளைத் தள்ளும் திருகு சுற்றும், தூள் விழாது. டீ வெளிறி, வெறும் சுடுதண்ணீர் போல வரும். அப்போது உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். பெட்டியை எடுத்துத் தட்டி, காய்ந்த கரண்டியால் கிளறிவிட்டால் போதும். இன்னொரு இடம், தூளும் வெந்நீரும் கலக்கும் கிண்ணம். அதைத் தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் ஓரத்தில் பிசின் மாதிரி படிந்து, இரண்டு நாளில் குழாய் வாயில் புளித்த வாடை வரும். தண்ணீரை மட்டும் ஓடவிட்டுக் கழுவும் பொத்தான் போதாது, கையால் கழற்றிக் கழுவ வேண்டும். 'ஆள் தேவையில்லை' என்று சொல்லித்தான் மெஷினை விற்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாவது ஒரு ஆள் தேவை. அந்த ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யாத அலுவலகத்தில் மூன்றே மாதத்தில் மெஷின் மூலையில் நிற்கும்.

ருசியைப் பற்றிப் பாக்கெட்டின் பின்பக்கமே சொல்லிவிடும். பொருள்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சாகியிருக்கும். முதலில் சர்க்கரை, அடுத்து பால் பொடி என்றால் பரவாயில்லை. பால் பொடிக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பும் குளுக்கோஸ் சிரப்பும் முன்னால் நின்றால் நாக்கில் மெழுகு தடவியதுபோல இருக்கும். சர்க்கரை இல்லாத பிரிமிக்ஸ் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் இரண்டு பெட்டி மெஷினில் அதற்கு இடமில்லை, சர்க்கரை கூடாதவர்களுக்கு டீ பேக்கும் மெஷினின் வெந்நீரும்தான் வழி.

யாருக்கு நல்லது: 25 பேருக்கு மேல் இருக்கும் அலுவலகம், இரவு ஷிப்ட் நடக்கும் இடம், நினைத்த நேரத்தில் தனித்தனியாகக் குடிப்பவர்கள். அதிகாலை மூன்று மணிக்கு எந்தக் கடையும் பிளாஸ்க் அனுப்பாது, அங்கே மெஷினுக்கு ஈடு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தபட்ச அளவுதான் இடிக்கும்.

## மூன்றாவது வழி: சொந்த அடுப்பு

அடுப்பு என்றதும் சிலிண்டரை நினைக்காதீர்கள். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரை அலுவலகத்தில் பயன்படுத்துவது விதிமீறல். வணிக சிலிண்டர் வாங்கினாலும் பல கட்டட உரிமையாளர்கள் தீ எரிய விடமாட்டார்கள். இண்டக்ஷன் அடுப்பு போதும். இண்டக்ஷன் அடுப்பு, அடி கனத்த பாத்திரம் இரண்டு, பெரிய பில்டர் ஒன்று, பிளாஸ்க் இரண்டு, டம்ளர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆரம்பச் செலவு சுமார் ₹8,000 ஆனது. பிரிட்ஜ் ஏற்கெனவே இருந்தது. இல்லாவிட்டால் இந்த வழியே வேண்டாம்.

டீக்கு டம்ளருக்கு 55 மில்லி பால், காபிக்கு 75 மில்லி. 15 டீக்கும் 9 காபிக்கும் சேர்த்து சரியாக ஒன்றரை லிட்டர், அதாவது ஆவின் அரை லிட்டர் பாக்கெட் மூன்று. பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், அரை லிட்டர் ₹22. ஆரஞ்சில் 6 சதவீதம், ₹30. காபிக்கு ஆரஞ்சுதான் வேண்டும் என்று எங்களில் இரண்டு பேர் வாதாடினார்கள். மூன்று பாக்கெட்டையும் மாற்றினால் மாதம் ₹528 கூடும். பச்சையையே கொஞ்சம் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தோம், அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குப் பால் ₹1,452. டம்ளருக்கு 2.5 கிராம் வீதம் டீத்தூள் ஒரு கிலோவுக்கும் குறைவு, ₹330. காபித்தூள் டம்ளருக்கு 8 கிராம் வீதம் 1.6 கிலோ, கிலோ ₹700 என்றால் ₹1,110. சர்க்கரை ₹170, இஞ்சி ஏலக்காய் ₹100, கரண்ட் ₹220. எல்லாம் சேர்த்து ₹3,400-க்குள். டம்ளருக்கு ஆறரை ரூபாய்கூட ஆகவில்லை.

இங்கேதான் பலரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். போடுவது யார்? எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான். "டீ போடுறது என்னம்மா, அது ஒரு வேலையா" என்றுதான் அவரும் முதலில் சொன்னார். ஆனால் பால் வாங்குவது, டிகாக்ஷன் இறக்குவது, இரண்டு வேளை போடுவது, 24 டம்ளரையும் பாத்திரங்களையும் கழுவுவது என்று பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் இன்னொரு வீட்டு வேலையை எடுத்திருக்க முடியும். அதனால் மாதம் ₹3,000 தனியாகப் பேசி, டீக் கணக்கிலிருந்தே கொடுக்கிறோம். கழுவும் சோப்பு நார் ₹100. ஆக மொத்தம் ₹6,500. கூலி கொடுக்காமல் இந்த வேலையை ஏற்றிவிட்டு 'சொந்தமாகப் போட்டால் பாதி விலை' என்று சொல்லும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அது மிச்சமில்லை, ஒருவருடைய உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டது.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது பால். காலை ஆறு மணிக்குப் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு அலுவலகத்துக்கு ஒத்துவராது. நாம் ஒன்பதரைக்குத் திறப்பதற்குள் சென்னை வெயிலில் பாக்கெட் வெதுவெதுப்பாகிவிடும், மே மாதத்தில் காய்ச்சும்போதே திரியும். அக்கா வரும் வழியில் பூத்தில் வாங்கி வந்து நேரே பிரிட்ஜில் வைக்கிறார். மூன்று பாக்கெட்டையும் ஒன்றாக ஊற்றிக் காய்ச்சாமல், சந்தேகமான பாக்கெட்டை ஒரு கரண்டி தனியாகக் காய்ச்சிப் பார்ப்பார். ஒன்று திரிந்தால் மற்ற இரண்டும் தப்பும்.

இரண்டாவது டிகாக்ஷன். பத்து மணிக்குத் தூள் போட்டு, லேசாக அழுத்தி, கொதிக்கும் நீரை ஊற்றினால் முழுதாக இறங்க அரை மணி நேரம் ஆகும். 11 மணிக்குக் காபி வேண்டுமென்றால் பத்தரைக்குப் பிறகு ஊற்றிப் பயனில்லை. இறங்காமல் நின்றால் அழுத்தியது அதிகம் அல்லது தூள் மாவாக அரைபட்டிருக்கிறது. விறுவிறுவென்று இறங்கி வெளிறிப்போனால் தூள் கொரகொரப்பு, அரைக்கும் கடையில் சொல்லி மாற்ற வேண்டும். காலையில் மிஞ்சிய டிகாக்ஷனை மூடி பிரிட்ஜில் வைத்தால் மாலைக்கு ஆகும். அதைத் திரும்பக் கொதிக்க வைக்கக் கூடாது, கசக்கும். கொதிக்கும் பாலை அதன்மேல் ஊற்றினாலே சூடு போதும்.

யாருக்கு நல்லது: 8 முதல் 20 பேர், பிரிட்ஜும் சிங்க்கும் உள்ள இடம், கூலி வாங்கிக்கொண்டு இதைச் செய்ய மனமுள்ள ஒருவர். அவர் லீவு போட்டால் என்ன செய்வது என்பதற்குப் பதில் வேண்டும். அந்த நாள்களுக்கு நாங்கள் இன்றும் பழைய பிளாஸ்க் கடைக்காரரிடம்தான் போகிறோம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கடை பிளாஸ்க் | வெண்டிங் மெஷின் | சொந்த அடுப்பு |
|---|---|---|---|
| மாதச் செலவு, கூலியோடு | ₹7,128, டம்ளர் கழுவும் கூலி சேராமல் | ₹5,030 | ₹6,500 |
| தீனிக்கு மீதி | ₹2,872 | ₹4,970 | ₹3,500 |
| ஆரம்பத்தில் | பிளாஸ்க் விலை | ₹5,000 முன்பணம் | சுமார் ₹8,000 |
| நாலு பேர் வரும் நாள் | வீண் இல்லை | நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் தேங்கும் | பால் கொஞ்சம் மிஞ்சும் |
| ருசி | டீ நன்று, காபி சுமார் | இரண்டும் சுமார் | இரண்டும் நன்று |
| சர்க்கரை கூடாதவர்கள் | தனி பிளாஸ்க் | டீ பேக் | தனியாகப் போடலாம் |
| கைவிடும் நேரம் | பண்டிகை நாள்கள் | மழைக்காலம், பழுது | அக்கா லீவு |

மெஷினில் மாதம் ₹1,500 மிஞ்சுகிறதே, ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். மெஷின் இருந்த காலத்தில் எங்களில் ஐந்தாறு பேர் மாலையில் கீழே இறங்கித் தங்கள் காசில் ₹20 கொடுத்துக் காபி குடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு அந்த ₹1,500 மிச்சமாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் அளவுள்ள இடத்துக்கு சொந்த அடுப்பு என்பதுதான் என் முடிவு. அதுவும் கூலியைக் கணக்கில் எழுதிய சொந்த அடுப்பு.

## மீதி ₹3,500-இல் தீனி

22 நாள், பத்துப் பேர் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு ₹16. தினமும் வடை வாங்க இது காணாது, தினமும் பிஸ்கட் என்றால் யாரும் தொடமாட்டார்கள். இங்கேயும் மூன்று வகை: டப்பாவில் அடைத்து வைப்பது, கடையிலிருந்து சூடாக வாங்குவது, நாமே அவிப்பது.

டப்பாத் தீனிக்கு எதிரி ஈரமும் எறும்பும். முறுக்கு, மிக்சர் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் கிலோ விலை குறைவுதான். ஆனால் பத்துப் பேர் மாறி மாறித் திறக்கும் டப்பாவில் மழைக்காலத்தில் இரண்டே நாளில் நமுத்துப்போகும். 250 கிராம் பாக்கெட்டாக வாங்கி, ஒரு நாளைக்கு ஒன்றைத் திறந்து அன்றே முடிப்பது கடைசியில் மலிவாக வருகிறது. கடலை மிட்டாய் தனித்தனியாகச் சுற்றியிருந்தால் நன்றாகத் தாங்கும். இன்னொரு கசிவு, திறந்த அலமாரி. ஒரு மாதத்துத் தீனியை முன்னால் அடுக்கினால் பத்தே நாளில் காலியாகும். நான் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைக்கிறேன்.

அவிப்பதில் சுண்டலுக்கு ஈடு கிடையாது. 400 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு கிண்ணம் வரும், தேங்காய் தாளிப்போடு ₹60-க்குள். முந்தின நாள் ஊறவைக்கும்போது வெளியே வைக்காதீர்கள். கோடையில் ராத்திரி முழுக்க வெளியே ஊறினால் நுரை கட்டி வாடை வரும். தண்ணீரோடு பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பிற்பகல் வரை கெடாது. முந்தின நாள் மறந்துவிட்டால் பாசிப்பயறு இருக்கவே இருக்கிறது, அதற்கு இரண்டு மணி நேர ஊறல் போதும். சுண்டல் வேலையும் அக்காவின் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குகிறதா என்று அவரிடம் கேட்டுத்தான் வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தோம்.

இப்போது நடப்பது இது. திங்கள், புதன் சுண்டல். செவ்வாய், வியாழன் முறுக்கோ கடலை மிட்டாயோ, நாளைக்கு ₹90. வெள்ளிக்கிழமை சூடாக மசால் வடை அல்லது பஜ்ஜி 12, ₹180. வெள்ளிக்கிழமை ஆள் குறைவு என்பதால் வருபவர்களில் சிலருக்கு இரண்டு கிடைக்கும். வாரம் ₹480, மாதம் ஏறக்குறைய ₹2,100. விருந்தாளிகளுக்கு பிஸ்கட் ₹400. மீதி ஆயிரத்தை மாதாமாதம் ஒதுக்கி வைக்கிறேன். ஆரம்பத்தில் போட்ட ₹8,000 எட்டு மாதத்தில் அதிலிருந்தே திரும்பியது. அதன் பிறகு ஆயுத பூஜைக்கான பொரிகடலையும் பழமும், உடைந்த பிளாஸ்க்கும், அக்காவின் தீபாவளிக் காசும் அதிலிருந்துதான்.

காபித்தூள் விலை ஏறும்போது மட்டும் இந்தக் கணக்கு ஆடும். கிலோவுக்கு ₹100 ஏறினால் மாதம் ₹160 போகும், ஒதுக்கிய ஆயிரம் தாங்கிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அளவைக் குறைத்துத் தண்ணிக் காபி கொடுப்பதைவிடச் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டலாம். 80:20-லிருந்து 70:30-க்குப் போனால் நிறமும் கெட்டியும் குறையாது, கொஞ்சம் கசப்பு கூடும். பாக்கெட்டில் வாங்கும் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி, விகிதமும் மேலே அச்சாகியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் நான் ஒரு வாரம் இரண்டு பில்டரில் இரண்டு கலவையும் போட்டு வைத்து, பழையபடி ஒரு தாளையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தேன். ஒன்பது காபியில் ஆறு கோடு 70:30 பக்கம் விழுந்தது.